எட்டா, மூன்றா: மங்கிய ஓர் எண்ணும் நாஷ் சமநிலையும்

கொருக்குப்பேட்டையிலிருந்து அக்கா மகள் பொருளாதாரப் பயிற்சித்தாள் ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அ, ஆ என்று இரண்டு நிறுவனங்கள், நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்தில் அவள் கையின் நிழல் விழுந்து எண் மங்கிவிட்டது. "மாமா, அது மூன்றா எட்டா என்று எனக்கே தெரியவில்லை. தாளையும் மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன்" என்றாள். தண்டையார்பேட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து, அந்த எண் இல்லாமலே எதுவரை போகமுடியும் என்று பார்த்தேன்.

அ நிரையைத் தேர்வு செய்யும், ஆ நிரலைத் தேர்வு செய்யும். கட்டத்தில் முதல் எண் அ-வின் லாபம், இரண்டாவது ஆ-வினுடையது.

மேல், இடது: 4, 3
மேல், வலது: 1, 2
கீழ், இடது: ?, 1
கீழ், வலது: 2, 2

அ-வின் எண்களை மேலும் கீழுமாகத்தான் ஒப்பிட வேண்டும். ஆ-வின் எண்களை இடமும் வலமுமாக. பலர் தடுமாறுவது இங்கேதான்: ஒரே கட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எண்களை ஒப்பிட்டு, யாருக்கு அதிகம் என்று பார்க்கிறார்கள். அந்த ஒப்பீட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

வலது நிரலில் அ-வுக்கு 2 பெரியது, அடிக்கோடிட்டேன். மேல் நிரையில் ஆ-வுக்கு 3 பெரியது, கீழ் நிரையில் 2; அவற்றுக்கும் கோடு. கீழ்-வலது கட்டத்தில் இரண்டு எண்களுக்கும் கோடு விழுந்துவிட்டது. அங்கிருந்து தனியாக விலகினால் இருவருக்குமே நஷ்டம். ஆகவே அது நிலையான தேர்வு, அதாவது நாஷ் சமநிலை. மங்கிய எண் எதுவானாலும் இதை அசைக்காது.

அந்த எண்ணுக்கு இருக்கும் ஒரே வேலை, மேலே உள்ள 4-உடன் மோதுவது. 8 என்றால் அ எப்போதும் கீழேயே போகும், சமநிலை ஒன்றுதான். 3 என்றால் மேல்-இடது கட்டமும் நிலையானதாகிவிடும்.

பிறகுதான் தாளின் அடுத்த கேள்வியைக் கவனித்தேன்: "கலப்பு உத்தியின் நிகழ்தகவுகளைக் காண்க." ஒரே தேர்வில் நிற்காமல், இரண்டையும் குறிப்பிட்ட நிகழ்தகவில் கலந்து எடுப்பதுதான் கலப்பு உத்தி. 8-ஆக இருந்தால் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. எனவே 3-தான். ஆ இடதை q நிகழ்தகவில் எடுத்தால், அ-வுக்கு மேலும் கீழும் சமமாக வேண்டும்:

```
4q + 1(1-q) = 3q + 2(1-q)
q = 1/2
```

அ மேல் நிரையை எடுக்கும் நிகழ்தகவு p-ஐ ஆ-வின் எண்களிலிருந்து எடுக்க வேண்டும். ஆ-வுக்கு இடதும் வலதும் சமமாக 3p + 1(1-p) = 2, அதாவது 2p + 1 = 2, அதுவும் பாதி. ஒருவரின் கலப்பை எதிராளியின் லாபம் தீர்மானிப்பது எனக்கு இன்றும் விசித்திரமாகத்தான் படுகிறது.

இரண்டு தூய சமநிலை, ஒரு கலப்பு, ஆக மூன்று. சம எண்கள் மோதாத அட்டவணையில் மொத்தம் ஒற்றைப்படையாகத்தான் வரும். இரண்டோடு நின்றால் ஒன்று விடுபட்டிருக்கிறது. மங்கிய எண் சரியாக 4-ஆக இருந்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது: ஆ இடதிலேயே நிற்க, அ மேலைப் பாதிக்குக் குறையாத எந்த நிகழ்தகவில் எடுத்தாலும் சமநிலைதான்.

அடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் கழித்தல் குறிகள் வேறு வருமாம்.