அப்பத்தா கன்னத்து மடிப்பு போனது, முகம் போகவில்லை

தேவகோட்டை வீட்டு முகப்பில் மாட்டியிருந்த அப்பத்தா படம் ஒருவழியாக அத்தையிடம் தேறிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், “எங்க ஆத்தாதான்” என்றார். இதே படத்தை ஒரே தட்டில் சரிசெய்யும் செயலி ஒன்றில் போட்டுக் காட்டியபோது “யாருடா இந்தப் பொம்பளை?” என்று கேட்டவரும் அவர்தான்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. இடது புருவ ஓரத்திலிருந்து தாடை வரை ஓடிய வெள்ளை மடிப்புக் கோடு போயிருந்தது, நிஜம்தான். கூடவே தண்டட்டி இழுத்துத் தொங்கவிட்ட காது மடல் குட்டையாகிவிட்டது, லேசாகச் சரிந்த இடது இமை வலது இமைக்குச் சமமாக எழும்பிவிட்டது, மூக்கும் ஒடுங்கிவிட்டது. கோடு காதுப் பக்கமே போகவில்லை!

காரணம் இரண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகையறா, அதாவது படம் வரையும் AI மாடல்கள் படத்தின் பிக்சல்களில் நேரடியாக வேலை செய்வதில்லை. படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில்தான் வரைகின்றன. முழுப் படத்தில் கண் 32 பிக்சல் அகலம் என்றால், உள்ளே அது வெறும் 4 கட்டம். சுருக்கி விரித்தாலே கண் கொஞ்சம் கலங்கிவிடும். இரண்டாவது, மாடல் படத்தின் மேல் இரைச்சலைத் தூவி, பிறகு அதை நீக்கிக்கொண்டே வரைகிறது. எவ்வளவு தூவுவது என்பதுதான் Denoising strength. தூவத் தூவ முதலில் அழிவது நுணுக்கம். முகம் இங்கே, சேலை அங்கே என்ற பெரிய நிழல் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும், இமைச் சரிவு தாங்காது. அழிந்த இடத்தைத் தான் பார்த்துப் பழகிய பொதுவான முகத்தை வைத்து மாடல் நிரப்பும். அதில் தண்டட்டிக் காதுக்கு இடம் குறைவு.

அதனால் ஸ்டேபிள் டிஃப்யூஷன் WebUI-இன் Inpaint பகுதியில், முகத்தைத் தொடவிடாமல், மாடல் வரைய வேண்டிய இடமாகக் கோட்டை மட்டும் மாஸ்க் செய்தேன், கோட்டை விடச் சற்றே அகலமாக. Mask blur 4. Inpaint area-வில் Only masked. இது மாஸ்க்கைச் சுற்றி வெட்டிப் பெரிதாக்கி வரைந்து, திரும்பச் சுருக்கி ஒட்டும். அதே கன்னத்துக்கு இப்போது பல மடங்கு கட்டங்கள் கிடைக்கும். Restore faces-ஐ அணைத்தே வையுங்கள், அது முகத்தையே புதிதாகப் படைத்துவிடும்.

இனிமேல்தான் தலைவலி. Strength 0.75-இல் கோடு போகும், ஆனால் கன்னம் புதுக் கன்னமாகிவிடும். 0.3-க்கு இறக்கினால் கன்னம் பிழைக்கும், கோடும் பிழைத்துக்கொள்ளும். வெள்ளைக் கோடும் ஒரு பெரிய வெளிச்ச வேறுபாடுதானே, குறைந்த இரைச்சலில் அது அழியாது. நடுவில் எங்காவது நல்ல எண் இருக்கும் என்று தேடுவது வீண். படத் திருத்த மென்பொருளான ஜிம்ப்பில் முதலில் ஹீல் தூரிகையால் கோட்டை மொத்தமாகப் பூசிவிட வேண்டும். பக்கத்துத் தோலிலிருந்தே எடுத்து, சின்னத் தூரிகையாக, நிழல் இறங்கும் திசையிலேயே. சொரசொரப்பாக, திட்டுத் திட்டாக இருந்தாலும் பரவாயில்லை. கருமை வெளுப்பு சரியாக இருந்தால் போதும். அப்புறம் Masked content-ஐ original-இல் வைத்து 0.25. முப்பது ஸ்டெப் கொடுத்தாலும் ஏழெட்டுதான் ஓடும். திட்டுகள் கரைந்து, பழைய தாளின் மணல்தன்மை வந்து உட்காரும்.

நீளக் கோட்டை ஒரே மாஸ்க்காக அடித்தால், வெட்டும் சதுரம் முகம் முழுவதையும் வளைத்துக்கொள்ளும், பெரிதாக்கிய லாபம் போய்விடும். துண்டு துண்டாக அடித்தேன். ஆனால் துண்டு ரொம்பச் சின்னதானால் மாடலுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது, கன்னத்தில் உதடு மாதிரி ஏதோ முளைக்கும். மாஸ்க்கைச் சுற்றி எவ்வளவு இடம் சேர்த்து வெட்டுவது என்று சொல்லும் Only masked padding-ஐ 32-லிருந்து 80-க்கு ஏற்றியதும் அடங்கியது.

சோதனைக்குக் கண்ணை நம்பாதீர்கள், பார்க்கப் பார்க்கப் புது முகமே பழகிவிடும். பழையதையும் புதியதையும் இரண்டு லேயராக வைத்து மேல் லேயரை Difference-க்கு மாற்றினால், மாறாத இடமெல்லாம் கன்னங்கரேல் என்றிருக்க வேண்டும். மாஸ்க்குக்கு வெளியே கண்ணின் கோடுகள் மங்கலாகத் தெரிந்தால் முகம் நகர்ந்திருக்கிறது. அப்போது லேயர் மாஸ்க் போட்டு, அந்த இடத்தில் மூலப்படத்தையே திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

புருவ ஓரத்தில் தாளே உரிந்த ஓர் இடம் இருக்கிறது. அங்கே மாஸ்க்கும் உதவாது, குறைந்த strength-உம் உதவாது. காப்பாற்ற ஒன்றும் இல்லை, எது வந்தாலும் மாடலின் கற்பனைதான். அத்தையிடம் ரங்கூனில் எடுத்த இன்னொரு படம் இருப்பதாகச் சொல்கிறார், அதிலிருந்து புருவத்தை எடுத்து ஒட்டலாமா என்று பார்க்க வேண்டும்.

பிரேமுக்குக் காரைக்குடியில் விசாரித்தேன். பழைய தேக்குச் சட்டத்தையே இழைத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர், ஆனால் பளபளப்புத் தாளில்தான் அச்சடிக்க வேண்டுமாம். எனக்கு மேட் தாள்தான் வேண்டும். புருவம் முடிவதற்குள் கண்டாங்கிச் சேலைக்கு வண்ணம் ஏற்றிப் பார்க்கவும் கை அரிக்கிறது. சேலைக்கு மட்டும் தனி மாஸ்க், strength-ஐத் தாராளமாக ஏற்றலாம். கட்டம் அரக்கா மஞ்சளா என்பதில் அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை.