இருபத்தெட்டும் முப்பத்துநான்கும்

நிகழ்தகவுப் பாடத்தை நெடுநாளாக நடத்திவருபவன் என்ற முறையில், மாணவர்கள் கொண்டுவரும் விடைத்தாளைப் பார்த்த மாத்திரத்தில் சரி, தவறு என்று சொல்லிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தால் ஒரு மாணவியின் ஒரு வார உழைப்பை நான் வீணாக்கினேன். அவருடைய விடை தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்குள்தான் நான் கற்பிக்க விரும்பிய கருத்தின் மிக எளிய நிரூபணம் இருந்தது. தளத்தில் சமவாய்ப்பாக நடப்பவர் என்றேனும் ஒருநாள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது உறுதி, முப்பரிமாணத்தில் உறுதி இல்லை என்பதே அந்தக் கருத்து.

நான் கொடுத்திருந்த பயிற்சி இதுதான். ஆதிப்புள்ளியில் நிற்கும் ஒருவர் ஒவ்வொரு நொடியும் அடுத்துள்ள கட்டப்புள்ளிகளில் ஒன்றைச் சமவாய்ப்பாகத் தேர்ந்து அங்கே நகர்கிறார். தளத்தில் அவருக்கு நான்கு அண்டைப்புள்ளிகள், முப்பரிமாணத்தில் ஆறு. இப்படி 10,000 நடைகளை, ஒவ்வொன்றையும் 10,000 அடிகள் வரை, கணினியில் ஓட்டி, எத்தனை நடைகள் ஒருமுறையேனும் ஆதிப்புள்ளிக்குத் திரும்பின என்று எண்ண வேண்டும். தளத்தில் ஏறக்குறைய 74 சதவீதமும் முப்பரிமாணத்தில் ஏறக்குறைய 34 சதவீதமும் வர வேண்டும். அந்த மாணவியின் தாளில் தளத்துக்கு 74 இருந்தது. முப்பரிமாணத்துக்கு 28 இருந்தது.

10,000 நடைகளில் இத்தகைய விகிதத்தின் திட்டப்பிழை அரை சதவீதம்கூட இல்லை. எனவே ஆறு சதவீத வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. "நிரலில் எங்கோ பிழை இருக்கிறது, சரிபார்த்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அதே 28-உடன் வந்தவர், "சார், தளத்துல சரியா வருதே. அதே நிரல்ல ஒரு வரிதானே கூடுதலா எழுதியிருக்கேன்?" என்று கேட்டார். அப்போதுதான் நிரலை வரிவரியாகப் படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டும்.

```python
x += random.choice((-1, 1))
y += random.choice((-1, 1))
z += random.choice((-1, 1))
```

ஒரே அடியில் மூன்று ஆயத்தொலைவுகளையும் மாற்றியிருந்தார். நான் கேட்டிருந்ததோ ஓர் அடிக்கு ஓர் அச்சில் மட்டும் நகரும் நடை. அவருடைய நடை கனசதுரத்தின் மையத்திலிருந்து எட்டு மூலைகளில் ஒன்றுக்குத் தாவும் நடை. பிழை பிடிபட்டுவிட்டது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இது இன்னும் பதிலாகவில்லை; இதே பிழை தளத்தில் ஏன் வெளிப்படவில்லை?

தளத்தில் x, y இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் நடப்பவர் மூலைவிட்டத் திசைகள் நான்கில் ஒன்றில் போகிறார். தாளை 45 பாகை திருப்பிப் பார்த்தால் அதுவும் சதுரக் கட்டம்தான். கட்டத்தின் பக்கம் மட்டும் √2 மடங்கு பெரிது. நான்கு அண்டைப்புள்ளிகள், நான்குக்கும் சம வாய்ப்பு. திரும்பி வருவதைப் பொறுத்தவரை இரண்டு நடைகளும் ஒன்றே. முப்பரிமாணத்தில் இந்தத் திருப்பம் பலிக்காது. எட்டு அண்டைப்புள்ளிகள் கொண்ட கட்டத்தை எப்படித் திருப்பினாலும் ஆறு அண்டைப்புள்ளிகள் கொண்ட கட்டமாகாது.

இந்த ஒற்றுமையை நான் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை. தளத்து நடையை x+y, x−y என்ற இரண்டு தனித்தனி ஒருபரிமாண நடைகளாகப் பிரிப்பது பாடநூல் உத்தி. அந்த மாணவி தம்மை அறியாமல் அந்த உத்தியை நிரலாக எழுதி, அதையே மூன்றாம் பரிமாணத்துக்கும் நீட்டிவிட்டார்.

அவருடைய நடையில் ஆயத்தொலைவுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதால் கணக்கு மிகவும் இலகுவாகிறது. ஒற்றைப்படை அடிகளில் யாரும் ஆதிப்புள்ளிக்குத் திரும்ப முடியாது. எனவே 2n அடிகளை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆயத்தொலைவு 2n அடிகளுக்குப் பின் மறுபடி பூச்சியத்தில் இருக்க, n அடிகள் கூட்டலாகவும் n அடிகள் கழித்தலாகவும் அமைய வேண்டும். அதன் நிகழ்தகவு C(2n, n)/4^n; n பெரிதாகும்போது அது 1/√(πn) என்ற மதிப்பை நெருங்குகிறது. தளத்தில் இரண்டு ஆயத்தொலைவுகளும் ஒருசேரப் பூச்சியமாக வேண்டும் என்பதால் அதன் வர்க்கம், அதாவது 1/(πn). மூன்று ஆயத்தொலைவுகள் இருந்தால் 1/√(πn)-இன் கனம்.

இங்கே மாணவர்கள் வழக்கமாக இடறுவார்கள். தளத்திலும் இந்த நிகழ்தகவு பூச்சியத்தை நோக்கித்தான் போகிறது, பிறகு எப்படித் திரும்புவது உறுதி என்கிறீர்கள் என்பார்கள். குறிப்பிட்ட ஓர் அடியில் ஆதிப்புள்ளியில் இருக்கும் வாய்ப்பு நம் கேள்வி அல்ல. என்றேனும் ஒருமுறை வருவாரா என்பதே கேள்வி. ஒருமுறை திரும்பி வருவதற்கான நிகழ்தகவு F என்று கொள்வோம். திரும்பி வந்தவருக்குப் பழைய நினைவு எதுவும் கிடையாது. புதிதாகப் புறப்படுபவரைப் போலவே மறுபடி F வாய்ப்போடு நடக்கிறார். ஆகையால் தொடக்கத்தையும் சேர்த்து அவர் ஆதிப்புள்ளியில் நிற்கும் முறைகளின் சராசரி 1/(1−F). அந்தச் சராசரியை வேறு வழியாகவும் பெறலாம்: ஒவ்வோர் அடியிலும் ஆதிப்புள்ளியில் இருக்கும் நிகழ்தகவுகளை எல்லாம் கூட்டினால் போதும். கூட்டுத்தொகை முடிவிலியானால் F ஒன்றாக இருந்தே தீர வேண்டும். முடிவுள்ளதானால் F ஒன்றுக்குக் குறைவு.

கூட்டுத்தொகையை நான் இரட்டிப்புகளாகப் பிரித்துக் காட்டுவேன். ஆயிரமாவது அடியிலிருந்து இரண்டாயிரமாவது அடி வரை, பிறகு நான்காயிரம் வரை, பிறகு எட்டாயிரம் வரை என்று துண்டு போட்டால், தளத்தில் ஒவ்வொரு துண்டும் சராசரி வருகைகளில் ஏறக்குறைய 0.22-ஐச் சேர்க்கிறது. துண்டு நீள்கிற அளவுக்கே வாய்ப்பு குறைகிறது; ஆகவே பங்கு மாறுவதில்லை. முடிவில்லாமல் 0.22-ஐக் கூட்டினால் எந்த எல்லையையும் தாண்டிவிடலாம். முப்பரிமாணத்தில் ஒவ்வொரு துண்டின் பங்கும் அதற்கு முந்தைய துண்டின் பங்கில் 0.71 மடங்குதான். அப்படிக் குறைந்துகொண்டே போகும் பெருக்குத்தொடர் ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதுதான். n அடிகளில் நடப்பவர் ஏறத்தாழ √n தொலைவு விலகியிருப்பார். தளத்தில் அந்தத் தொலைவுக்குள் n அளவிலான புள்ளிகள், முப்பரிமாணத்தில் n√n அளவிலான புள்ளிகள். அத்தனை புள்ளிகளில் ஆதிப்புள்ளியும் ஒன்று, அவ்வளவே.

மாணவியின் கட்டத்துக்குக் கூட்டுத்தொகை 1.393. அதிலிருந்து F = 1 − 1/1.393, அதாவது 0.282. அவருடைய 28 அவருடைய கட்டத்துக்கு மிகச் சரியான விடை.

அப்படியானால் நான் கேட்ட கட்டத்தில் ஏன் கூடுதலாக வருகிறது? அங்கே 2n அடிகள் மூன்று அச்சுகளுக்கும் பங்கிடப்படுவதால் ஒவ்வோர் அச்சுக்கும் மூன்றில் ஒரு பங்கு அடிகளே கிடைக்கின்றன. அடிகள் குறைவு என்பதால் ஒவ்வோர் ஆயத்தொலைவும் பூச்சியத்தில் இருக்கும் வாய்ப்பு √3 மடங்கு கூடுகிறது. மூன்றுக்கும் சேர்த்து 3√3 மடங்கு. ஆனால் மூன்று அச்சுகளிலும் விழுந்த அடிகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். மொத்தம் இரட்டைப்படை என்று தெரிந்த பின் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆக 3√3/4, அதாவது ஏறத்தாழ 1.3 மடங்கு. இந்தக் கட்டத்தின் கூட்டுத்தொகையை 1939-இல் வாட்சன் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஒரு தொகையீட்டின் வழியாகத் துல்லியமாகக் கணக்கிட்டார்: 1.516. அதன்படி F 0.3405. தொடக்க வருகையைக் கழித்துவிட்டு 0.516-ஐ 0.393-ஆல் வகுத்துப் பாருங்கள்; அதே 1.3 கிடைக்கும். இதைப் பலகையில் வகுத்துக் காட்டியபோது அந்த மாணவியைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம்.

அதே வகுப்பில் இன்னொருவர் எழுப்பிய ஐயம் இதைவிடக் கூர்மையானது. தளத்தில் கட்டாயம் திரும்பும் என்கிறீர்கள், ஆனால் நூற்றுக்கு 26 நடைகள் வரவே இல்லையே என்றார். கணினி இங்கே நமக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தளத்தில் n அடிகளுக்குள் திரும்பாதிருக்கும் நிகழ்தகவு, n-இன் மடக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் மட்டுமே குறைகிறது. ஆயிரம் அடிகளில் ஏறத்தாழ 68 சதவீதம் திரும்பியிருக்கும். பத்தாயிரத்தில் 74, பத்து இலட்சத்தில் 81, நூறு கோடியில்கூட 87 தான். எந்தக் கணினியில் எத்தனை நாள் ஓட்டினாலும் நூறு என்ற எண் திரையில் வரப்போவதில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் குணம் தெரியும். முப்பரிமாணத்தில் ஆயிரம் அடிகளில் 33.1, பத்தாயிரத்தில் 33.8, பத்து இலட்சத்தில் 34.0 என்று எண் நின்றுவிடுகிறது. தளத்து எண் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறுகிறது. ஒரே ஒரு நீளத்துக்கு ஓட்டிவிட்டு முடிவு சொல்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது. எனவே இப்போது குறைந்தது மூன்று நீளங்களுக்கு ஓட்டச் சொல்கிறேன்.

பயிற்சித் தாளில் 'திரும்பி வரச் சராசரியாக எத்தனை அடிகள்?' என்றொரு பத்தியையும் முன்பு வைத்திருந்தேன். அது என் பிழை. தளத்தில் திரும்புவது உறுதி என்றாலும் அதற்கு ஆகும் அடிகளின் சராசரி முடிவிலி. ஒருபரிமாணக் கோட்டிலும் அப்படியே. மாணவர்கள் அந்தப் பத்தியில் எழுதிய எண்கள் நடையைப் பற்றியவை அல்ல. எத்தனையாவது அடியில் நிரலை நிறுத்தினார்கள் என்பதைப் பற்றியவை. ஆளுக்கொரு விடை வந்தபோது யாரோ ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை என்று நான் திருப்திப்பட்டதும் உண்டு.

தளத்தில் திரும்புவது உறுதி, முப்பரிமாணத்தில் உறுதி இல்லை என்ற இந்தத் தேற்றத்தை 1921-இல் வெளியிட்ட ஜார்ஜ் போல்யா அப்போது சூரிச்சில் பேராசிரியராக இருந்தார். காட்டுப் பாதையில் தனியே உலாவும்போது, தமக்குத் தெரிந்த ஒரு மாணவரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையும் திரும்பத் திரும்ப எதிர்கொள்ள நேர்ந்ததாகவும், தாம் வேண்டுமென்றே பின்தொடர்வதாக அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று கூசியதாகவும், அதிலிருந்தே இந்தக் கேள்வி பிறந்ததாகவும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இருவர் சந்திப்பதும் ஒருவர் ஆதிப்புள்ளிக்குத் திரும்புவதும் கணக்கில் ஒன்றே. இருவரின் நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு தானும் ஒரு சமவாய்ப்பு நடைதான்.

மாணவி நிரலைத் திருத்தினார். அச்சை முதலில் தேர்ந்து, பிறகு திசையைத் தேர்ந்தால் போதுமானது:

```python
k = random.randrange(3)
p[k] += random.choice((-1, 1))
```

இம்முறை எண் 34-ஐ ஒட்டி வந்தது. பழைய நிரலையும் 28 என்ற விடையையும் நீக்காமல், 1.393-ஐத் தாமே கூட்டிச் சரிபார்த்த பக்கத்தோடு சேர்த்து ஒப்படைத்தார். எங்கள் மதிப்பெண் பதிவேட்டில் ஒரு பயிற்சிக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. முழு மதிப்பெண்ணை அந்தப் பழைய பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.