போன முறை எப்படி இருந்தது?

பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுக்கும் கவுண்டருக்குக் காலை ஏழரை மணிதான் நெருக்கடியான நேரம். முந்தின இரவிலிருந்து சாப்பிடாமல் வந்தவர்கள் எல்லாரும் அப்போதே வரிசை எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். சீக்கிரம் கொடுத்துவிட்டுக் கீழே போய்க் கோப்பியும் ரொட்டியும் சாப்பிட வேண்டும் என்பதுதான் அவர்கள் நினைப்பு. அந்த வரிசையில் ஒருவர் மட்டும், தன் எண் திரையில் வந்த பிறகும் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை எண்ணை அழுத்தினேன். எழுந்து வந்தார், ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை. வாசலைப் பார்த்தபடி நின்றார்.

நாற்பது வயதைத் தாண்டியவர். நல்ல உடல்வாகு, காவலர் சீருடை. இரவு வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தும் மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பத்து வருடங்களாக இந்த நாற்காலிக்கு எதிரே நிற்கிறேன். கையை ஒளித்து வைத்துக்கொள்பவரிடம் முதலில் கையை நீட்டச் சொல்லக் கூடாது.

பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். அது எல்லாருக்கும் உள்ள விதி. ஆனால் பயந்திருப்பவருக்கு அது ஒரு நன்மையும் செய்கிறது. தெரிந்த பதிலைச் சொல்லும்போது குரல் வெளியே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில்தான் சொன்னார். பெயரைக் கேட்டதும் நான் தமிழுக்கு மாறினேன். மேசையிலிருந்த குழாய்களை ஒரு தட்டில் வைத்து ஓரமாக நகர்த்திவிட்டு, அவர் உயரத்துக்கு முக்காலியில் உட்கார்ந்து, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டேன்: “அண்ணே, போன முறை ரத்தம் கொடுத்தபோது எப்படி இருந்தது?”

இந்தக் கேள்விக்கு வந்து சேர எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. முதலில் நான் கேட்டதெல்லாம் “ஊசி என்றால் பயமா?” என்றுதான். ஆண்கள் அதற்கு எப்போதும் இல்லை என்றுதான் சொல்வார்கள். பெண்களோ சிரித்துவிட்டு “கொஞ்சம்” என்பார்கள். இரண்டு பதிலும் எனக்கு எதையும் சொல்லவில்லை. அதைவிட மோசமான பழக்கம் ஒன்றும் இருந்தது: “ஒன்றுமில்லை, எறும்பு கடிக்கிற மாதிரிதான்” என்று நானே முந்திக்கொண்டு சொல்வது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வேறோர் இடத்தில், மாணவி ஒருத்தியிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். உட்கார்ந்தபடியே ரத்தம் கொடுத்தாள், முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அனுப்பினேன். மின்தூக்கி வரை நடந்து போனவள் அங்கே விழுந்துவிட்டாள். தாடையில் தையல் போட வேண்டியதாயிற்று. ஊசி போட்டால் அவளுக்கு எப்போதுமே மயக்கம் வரும் என்று அம்மா பிறகு சொன்னார். கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். எறும்பு என்று நான் சொன்னதும், சொல்வதற்கு அவளுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். நெரிசலான காலையில், திரையில் அடுத்த எண் காத்திருக்கும்போது, பத்து விநாடி சும்மா இருப்பது கடினம். வாய் தானாகவே எதையாவது சொல்லி நிரப்பப் பார்க்கும். நிரப்பாமல் இருந்தால்தான் எதிரே இருப்பவர் நிரப்புவார்.

“பதினெட்டு வயதில் கொடுத்தது” என்றார். “விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். சுற்றிலும் கூட்டாளிகள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கொடுக்கவே இல்லை. இப்போது நீரிழிவு என்கிறார்கள். போன மாதம் இரண்டு முறை கீழே வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன்.”

“கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா?”

“போட்டேன். அது பிரச்சினை இல்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.”

“ரத்தம் எடுப்பதில் எது உங்களுக்கு அதிகத் தொல்லை? குத்துவதா, ரத்தத்தைப் பார்ப்பதா, அல்லது மறுபடியும் விழுந்துவிடுவோம் என்பதா?”

“விழுவதுதான்” என்றார். பிறகு, தட்டை ஒரு கண்ணால் பார்த்தபடி, “மூன்று வைத்திருக்கிறீர்களே, மூன்று முறை குத்துவீர்களா?” என்று கேட்டார்.

தட்டில் மூன்று குழாய்கள் இருந்தன. மஞ்சள் மூடி போட்டது சிறுநீரகத்துக்கும் கொழுப்புக்கும். ஊதா மூடி போட்டது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக்கு. சாம்பல் மூடி போட்டது வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு. ஊசி ஒன்றுதான், குழாயைத்தான் மாற்றுவோம் என்று விளக்கினேன். மூன்றும் சேர்ந்து இரண்டு தேக்கரண்டிகூட வராது. உடம்பில் ஓடுவது ஐந்து லிட்டர் அளவு. குழாய் எண்ணிக்கையே குத்தும் எண்ணிக்கை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களாகக் கேட்டால் ஒழிய அந்தப் பயம் நமக்குத் தெரிய வராது.

அவருடைய பதில், நான் கையில் எதை எடுக்க வேண்டும் என்பதையே மாற்றிவிட்டது. வலிதான் பயம் என்றிருந்தால் 23 எண் பட்டாம்பூச்சி ஊசியை எடுத்திருப்பேன். ஊசியில் எண் கூடினால் பருமன் குறையும். அல்லது மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவி, சுமார் ஒரு மணி நேரம் மூடி வைத்துப் பிறகு எடுக்கலாம் என்று பேசியிருப்பேன். அண்ணனுக்கு இவை உதவாது. மெல்லிய ஊசியில் ரத்தம் மெதுவாக வரும், நேரம் நீளும். விழுந்துவிடுவோம் என்று பயப்படுபவருக்கு அந்த நீளும் நேரமே எதிரி. அவர் முழங்கை மடிப்பில் ரத்த நாளம் நன்றாகத் தெரிந்தது. வழக்கமான 21 எண் ஊசியையே எடுப்பதென்று முடிவு செய்தேன். மாற்ற வேண்டியது ஊசியை அல்ல, நாற்காலியை.

“அண்ணே, உங்களுக்குத் திரைக்குப் பின்னால் கட்டில் இருக்கிறது. படுத்துக்கொண்டு கொடுக்கலாம்” என்றேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது. படுப்பது நோயாளிகளுக்குத்தானே என்று நினைத்திருப்பார். ஏன் என்று சொன்னேன். மற்றப் பயங்களில் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், அப்படியே நிற்கும். யாரும் சாதாரணமாக மயங்குவதில்லை. ரத்தம், ஊசி என்று வரும்போது சிலருக்கு மட்டும் முதலில் ஏறிய அழுத்தம் திடீரென்று கீழே விழுகிறது. இதயத் துடிப்பும் குறைகிறது. ரத்தம் கால் பக்கம் தங்கிவிட, மூளைக்குப் போதாமல் மயக்கம் வருகிறது. இது துணிச்சல் சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. படுத்திருந்தால் மூளைக்கு ரத்தம் போவது எளிது. மயக்கமே வந்தாலும் விழுவதற்கு இடம் இல்லை.

“அப்படியா?” என்றார். கைகள் தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தன.

தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டேன். வெறும் வயிறு என்றதால் நேற்று இரவு பத்து மணியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார், அதுவும் இரவு முழுவதும் வேலை பார்த்துவிட்டு. இந்தச் சோதனைகளுக்கு வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். உடம்பில் நீர் குறைந்தால் ரத்த நாளமும் சுருங்கும், மயக்கமும் எளிதாக வரும். இரண்டு கோப்பைத் தண்ணீர் கொடுத்துக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, அதற்குள் வரிசையில் இருவரை முடித்தேன்.

திரும்பி வந்து அவருக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். 1980களில் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்தது. கால், தொடை, வயிறு, ரத்தம் எடுக்காத கை ஆகியவற்றை இறுக்கி, முகம் சூடாவது தெரியும் வரை பத்துப் பதினைந்து விநாடி வைத்திருக்க வேண்டும். பிறகு விட வேண்டும், ஆனால் முழுவதும் தளர்ந்துவிடாமல் சாதாரண நிலைக்கு. அரை நிமிடம் கழித்து மறுபடியும். இறுகிய தசைகள் ரத்தத்தை மேலே தள்ளி, அழுத்தத்தை விழவிடாமல் பிடிக்கின்றன. “மூச்சை இழுத்துவிட்டுத் தளர்ந்து படுங்கள்” என்று நாம் எல்லாரிடமும் சொல்வது இப்படிப்பட்டவருக்குப் பொருந்தாது. விழப்போகும் அழுத்தத்தை அது இன்னும் இறக்கிவிடலாம். ரத்தம் எடுக்கும் கை மட்டும் தளர்வாக இருக்க வேண்டும். அந்தக் கை விரல்களை மடக்கி மடக்கிப் பிசைந்தால், சோதனை முடிவில் பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

“குத்தும்போது சுருக்கென்று இருக்கும். சொல்லிவிட்டுக் குத்தட்டுமா, சொல்லாமலா?”

“சொல்லுங்கள்.”

“நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவேன். பட்டையை அவிழ்த்து ஊசியை எடுக்க ஒரு விநாடிதான்.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டையைக் கட்டினேன், துடைத்த இடம் காயும் வரை காத்திருந்தேன். ஈரத்தோடு குத்தினால் எரியும். “இப்போது” என்று சொல்லிக் குத்தினேன். மஞ்சள் குழாய் நிறைந்தது. ஊதாவை மாற்றிக்கொண்டிருக்கும்போது அவர் கொட்டாவி விட்டார்.

கொட்டாவி தூக்கத்தால் வரவில்லை. மயக்கத்துக்கு முன்னால் வரும் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. முகம் வெளுப்பதும் காது அடைப்பதும் பெரும்பாலும் அதற்குப் பின்னாலேயே வரும். “அண்ணே, காலை இறுக்குங்கள், இன்னும், இன்னும்” என்றேன். கட்டில் விரிப்பு அவர் குதிகாலுக்குக் கீழே சுருண்டது. உதட்டில் போயிருந்த நிறம் மெல்லத் திரும்பி வந்தது. பட்டையை அவிழ்த்து, சாம்பல் குழாயையும் நிரப்பி, ஊசியை எடுத்தேன். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்குள்.

“முடிந்ததா?” என்றார் சுவரைப் பார்த்தபடியே.

பத்து நிமிடம் படுத்திருக்கச் சொன்னேன். பிறகு ஐந்து நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னேன். அந்த மாணவி விழுந்தது ஊசியை எடுத்த பிறகுதான் என்பதை நான் மறக்கவில்லை. அவருடைய பதிவில் இரண்டு வரி எழுதி வைத்தேன்: படுக்க வைத்து எடுக்கவும், முன்பே தண்ணீர் குடிக்கச் சொல்லவும். அடுத்த முறை வேறு யார் இருந்தாலும் அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். எண் வந்ததும் எழுந்தார். நான் வாய் திறப்பதற்குள், “தண்ணீர் குடித்துவிட்டேன். கட்டில் காலியாக இருக்கிறதா?” என்று கேட்டார். மேலுதட்டில் அதே வியர்வை இருந்தது. கட்டில் காலியாக இல்லை. ஒரு பாட்டி படுத்திருந்தார். திரைக்கு வெளியே நாற்காலியில் காத்திருந்தார் அண்ணன், பத்து விநாடிக்கு ஒருமுறை காலணிக்குள் பாதத்தை இறுக்கியும் விட்டும் பழகிக்கொண்டே.