‘கா’ என்றால் கோழி: சம்பந்தி வீட்டில் நான் பேசிய ஐந்து வாக்கியங்கள்

மகன் வியட்நாமில், ஹோ சி மின் நகரத்தில் வேலை பார்க்கிறான். மணமகள் அங்கிருந்து தெற்கே, மேகாங் கழிமுகத்தில், தென்னைக்குப் பேர்போன பென் ட்ரே பக்கம் ஒரு கிராமம். விசா, பதிவுத் திருமணக் காகிதங்கள், விமான டிக்கெட் எல்லாம் பெரிதாகச் சிரமம் தராமல் முடிந்தன. என்னைப் படுத்தி எடுத்தது இரண்டு நிமிடப் பேச்சுதான்.

பெண் வீட்டில் நடக்கும் சடங்கில் மாப்பிள்ளையின் அப்பா பெண் வீட்டாருக்கு நன்றி சொல்ல வேண்டும், அதை அவர்கள் மொழியிலேயே சொன்னால் நன்றாக இருக்கும் என்று மகன் சொன்னான். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தமிழில் இரண்டு பக்கம் எழுதி, நானே இங்கிலீஷில் போட்டு, அங்கே ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன். மகனுடைய சான்றிதழ்களை எல்லாம் பிழையில்லாமல் செய்து கொடுத்தவர்கள்தான். காசு கட்டியதும் மூன்று நாளில் வந்துவிட்டது. அதை மதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் பாதி எழுத்துக்கு மேல் கட்டம் கட்டமாக வந்திருந்தது. கடைக்காரர் "புள்ளி, கோடு எல்லாம் போனா என்ன சார், எழுத்து இருக்குல்ல" என்றார். வியட்நாமிய எழுத்தில் அந்தப் புள்ளியும் கோடும் போனால் சொல்லே போய்விடும் என்பது அவருக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. (பி.டி.எஃப். ஆக வாங்கிக்கொள்ளுங்கள், வேர்டு கோப்பாக வாங்காதீர்கள். இரண்டு முறை அலைந்தேன்.)

சரி, ஒருவழியாக நல்ல பிரதி கையில் வந்தது. மருமகளின் சித்தப்பா மகன் ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறான், வீடியோ காலில் எனக்குப் பயிற்சி கொடுக்க ஒத்துக்கொண்டான். என்னை ‘பாக்’ என்று கூப்பிடுவான், நம் பெரியப்பா மாதிரி. முதல் பத்தியை நான் வாசித்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. என்னவென்று கேட்டால் சொல்லவும் மாட்டேன் என்கிறான். கடைசியில் மகன் மூலமாகத்தான் விஷயம் வெளியே வந்தது.

அந்த மொழிபெயர்ப்பில் நான் சம்பந்தியைக் கூப்பிட்டிருந்த சொல் ‘பான்’. நண்பன் என்று பொருள். இங்கிலீஷில் ஒரே ஒரு ‘யூ’ இருந்ததால் அலுவலகத்தில் அப்படியே மாற்றி வைத்திருக்கிறார்கள். வயதும் உறவும் பார்த்துத்தான் அந்த மொழியில் ஒருவரைக் கூப்பிடவே முடியும், நம்மைப் போல. பெண்ணைப் பெற்றவரிடம் போய், "நண்பா, உன் மகளுக்கு நன்றி" என்றால் எப்படி இருக்கும்? இன்னொன்று, மருமகளைக் குறிக்க ‘அந்தப் பெண்’ என்பது போன்ற ஒரு சொல் போட்டிருந்தார்கள். மாமனார் தன் வருங்கால மருமகளை ‘சாவ்’ என்று சொல்ல வேண்டுமாம், வீட்டுப் பிள்ளையைச் சொல்கிற சொல். சம்பந்திக்குத் தெற்கு வியட்நாமில் ‘சுய்’. சம்பந்தி தம்பதியை ‘அன் சி சுய்’ என்று கூப்பிடலாம். அண்ணன், அக்கா, சம்பந்தி என்று மூன்றும் சேர்ந்தது அது. வடக்கே போனால் இதற்கே ‘தோங் யா’ மாதிரி வேறு சொல். ஆக, பெண் வீடு எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள்.

நாங்கள், நாம் விஷயத்திலும் இதே குளறுபடி. ‘சுங் தோய்’ என்றால் நாங்கள், ‘சுங் தா’ என்றால் நாம். இங்கிலீஷில் இரண்டும் ஒன்று, அதனால் "நாம் உங்களுக்கு நன்றி சொல்கிறோம்" என்று ஓரிடத்தில் வந்து நின்றது. இதை மட்டும் நானே கண்டுபிடித்தேன். தமிழ் தெரிந்தவனுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பையனுக்கு ஒரே ஆச்சரியம். நடுவில் இங்கிலீஷை விடாமல் நேரே தமிழிலிருந்து போயிருந்தால் பாதித் தப்பு வந்திருக்காது.

அப்புறம் அந்தப் பதினாறு. ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்று பெருமையாக முடித்திருந்தேன். மொழிபெயர்ப்பில் அது பதினாறு குழந்தைகள் பெறுங்கள் என்று ஆகியிருந்தது. அதை அடித்துவிட்டு, அவர்களே கல்யாண வாழ்த்தாகச் சொல்கிற ‘ட்ரம் நம் ஹன் ஃபுக்’கைப் போட்டுக்கொண்டேன். நூறாண்டு மகிழ்ச்சி என்று பொருள்.

இரண்டு பக்கத்தை ஐந்து வாக்கியமாகக் குறைத்தோம்: பெரியவர்களுக்கும் சம்பந்திக்கும் வணக்கம், பெண்ணை ஆளாக்கி வளர்த்ததற்கு நன்றி, எங்கள் மகனுக்குக் கட்டிக் கொடுத்ததற்கு நன்றி, மருமகளை மகளாகப் பார்ப்போம், நூறாண்டு மகிழ்ச்சி. அவ்வளவுதான். இதற்கு மேல் நீளமாக எழுதுபவர்களுக்கு என் அனுதாபம்.

இந்த ஐந்தில் மூன்றாவதுதான் எமன். பெண்ணைக் கட்டிக் கொடுப்பதற்கு அவர்கள் சொல் ‘கா’, ‘தங்கம்’ என்பதில் வருகிற க மாதிரி. குரல் ஒரு குழியில் இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும், நாம் சந்தேகமாக "ஆ…மா?" என்று இழுப்போமே, கிட்டத்தட்ட அப்படி. ஏறாமல் இறங்கியே நின்றுவிட்டால் அது கோழி. அதை ‘கல்’ என்பதில் வருகிற க மாதிரி அழுத்தி, குரலையும் ஏற்றிச் சொன்னால் மீன். இத்தனைக்கும் நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன், அதில் மூன்றுக்கும் ஒரே ‘கா’தான். அதே வாக்கியத்தில் கொஞ்சம் தள்ளி ‘சோ’ வருகிறது, ‘மகனுக்கு’ என்பதில் இருக்கும் ‘-க்கு’ மாதிரி. அதைச் சமமாகச் சொல்ல வேண்டும். ஏற்றிச் சொன்னால் நாய். நாம் தமிழ் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு விடுகிற இடத்தில் குரல் தானாக மேலே போகும். எனக்கு மூச்சு வாங்குகிற இடம் சரியாக அந்த ‘சோ’.

தொனிகள் மொத்தம் ஆறு, தெற்கே பேச்சில் இரண்டு கலந்துபோய் ஐந்துதான். குழியில் இறங்கி ஏறுகிற தொனிக்குப் பெயர் ‘ஹோய்’, கேள் என்று பொருள். நிச்சயதார்த்தத்துக்கும் ‘டாம் ஹோய்’ என்றுதான் பெயர், பெண் கேட்பு. இது தெரிந்த பிறகு அந்தத் தொனி எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லின் தலையிலும் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டேன். கீழே போகிற அம்பு, மேலே போகிற அம்பு, குழிக்கு ஒரு கொக்கி. ‘ச’வுக்கும் ‘ஸ’வுக்கும் வித்தியாசம் இருப்பதால் கிரந்த எழுத்தைக் கூச்சப்படாமல் பயன்படுத்தினேன்.

இங்கே இன்னொரு வீண்வேலையையும் சொல்லிவிடுகிறேன். பையனுக்குத் தேர்வு வந்ததால் நடுவில் பத்து நாள் ஒரு ஆசிரியையிடம் காசு கொடுத்துப் படித்தேன். நல்லவர், ஆனால் வடக்குக்காரர். மருமகளுக்கு அவர்கள் சொல் ‘கோன் யவ்’, இது தெற்கு உச்சரிப்பு. வடக்கே அந்த ‘ய’ இடத்தில் நம்மிடம் இல்லாத, ஈ பறக்கிற மாதிரி ஓர் ஒலி வரும். நான் பத்து நாள் அந்த ஈயைப் பழகிவிட்டுத் திரும்பி வந்தால், பையன் சிரித்துக்கொண்டே, "பாக், எங்கள் ஊரில் வெறும் ய-தான்" என்கிறான். பத்து நாளும் போச்சு. அந்த எழுத்தைத் தாளில் பார்த்தால் இங்கிலீஷ் ‘d’ போலத் தெரியும், ஆனால் அதற்குக் குறுக்கே கோடு போட்டால்தான் ‘ட’ ஒலி. கோடு இல்லாததைக் கோடு இருப்பதாக வாசித்தால் ‘கோன் டவ்’, அதாவது "பிள்ளை எங்கே?" என்று ஆகிவிடும். பக்கத்திலேயே நிற்கிற மணப்பெண்ணை வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் நன்றாகவா இருக்கும்!

கல்யாண நாள். வாசலில் தென்னங்கீற்றைப் பின்னி வளைவு கட்டியிருந்தார்கள், நம் ஊர்ப் பந்தல் மாதிரியே. வெற்றிலை பாக்கும் உண்டு. தட்டு மட்டும் நம் கணக்குப்படி ஒற்றைப்படையில் எடுத்துப் போகக் கூடாது. வடக்கே ஒற்றைப்படை வைப்பார்களாம், தெற்கே இரட்டைப்படை. எங்களுடையது ஆறு, சிவப்புத் துணி போர்த்தியது. மகனுடைய அலுவலக நண்பரின் மாமா எங்கள் பக்கத்துப் பெரியவராக நின்று, முறைப்படி உள்ளே வர அனுமதி கேட்டு, தட்டுகளை ஒப்படைத்து, எல்லாம் பார்த்துக்கொண்டார். இப்படி ஒருவர் இல்லாமல் வெளிநாட்டு அப்பா ஒருவர் தனியாக இறங்கவே கூடாது. நல்ல நேரம் தவறக் கூடாது என்ற அவசரத்தில் யாரோ என் கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள். நானும் வாயைத் திறக்கப் போனேன். அந்தப் பெரியவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். வெற்றிலைத் தட்டோடு வைத்த இரண்டு சின்ன மதுக் கோப்பையைச் சம்பந்தி இன்னும் தொடவில்லை. அவர் எடுத்துக் குடித்தால்தான் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்கு முன் நன்றி சொன்னால், பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று நானே முடிவு பண்ணின மாதிரி. பையனும் இதைச் சொல்லித்தரவில்லை, அவனுக்கே தெரியாது, கல்யாணம் ஆகாதவன்.

சம்பந்தி குடித்தார். நான் தாளைப் பிரித்தேன். ‘அன் சி சுய்’ என்றதும் சம்பந்தியம்மா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டாவது வாக்கியம் சுலபமாகப் போனது. மூன்றாவதில் ‘கா’வுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, குழியில் இறங்கி ஏறினேன். சரியாக வந்தது! அந்தச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கி, ‘சோ’வை மேலே ஏற்றிவிட்டேன். முன் வரிசையில் இருந்த பாட்டி வாயைப் பொத்திக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. சம்பந்தி அசையவே இல்லை, தலையை மட்டும் ஆட்டி, மேலே போ என்பது போல் கை காட்டினார். மருமகளை மகளாகப் பார்ப்போம் என்ற வாக்கியத்தில் ‘யவ்’ ஒழுங்காக விழுந்தது. அப்போது சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்தார், நாயால் அல்ல என்று நம்புகிறேன்.

பதிலுக்குச் சம்பந்தி பத்து நிமிடம் பேசினார். எனக்குப் புரிந்தது ‘சுய்’ மட்டும்தான், ஏழு தடவை வந்தது, எண்ணினேன்.

மறுநாள் ஹோட்டலில் விருந்து. அங்கே மேடையில் வந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம், அதற்கு அதே தாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முடியாது, அங்கே இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து விருந்தினர்களுக்கு நன்றி சொல்கிறார்கள், ‘சுய்’ வராது, கூப்பிடுகிற சொல் எல்லாமே மாறும் என்றான் பையன். மைக்கை மகனிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.