வராத நெய், வீங்கிய பனீர்: பணம் திரும்பி வந்த விதம்

கெட்டுப்போன பொருள் வந்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம், வராத பொருளை எப்படிப் போட்டோ எடுப்பது? மளிகை டெலிவரியில் நிறையப் பேர் பணத்தை விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். போன மாதம் எனக்கு இரண்டும் ஒரே ஆர்டரில் வந்து சேர்ந்தது. பனீர் கெட்டிருந்தது, நெய் பாட்டில் வரவே இல்லை. இரண்டுக்கும் பணம் வாங்கிவிட்டேன், ஆனால் பனீருக்குச் சீக்கிரம் கிடைத்தது, நெய்க்கு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. என்ன செய்ததால் வேலை நடந்தது என்று விவரமாகவே எழுதுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம், நான் பயன்படுத்திய வரை மற்ற ஆப்களிலும் நடைமுறை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது.

வீடு குரோம்பேட்டையில். சாயங்காலம் போட்ட ஆர்டரில் அரை லிட்டர் நெய் 350 ரூபாய், 200 கிராம் பனீர் 100 ரூபாய், மீதி எண்ணெய், பருப்பு, தக்காளி, சோப்பு என்று மொத்தம் 1,250 ரூபாய்க்குப் பொருள். கூப்பனில் 100 ரூபாய் கழிந்தது. வந்தது ஒரே ஒரு காகிதப் பை, வாயை மடித்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். கொண்டுவந்த பையனிடம் "ஒரு பைதானா தம்பி?" என்று கேட்டேன். "ஒண்ணுதான்க்கா, ஆப்லயும் ஒண்ணுன்னுதான் காட்டுது" என்றான். இந்தக் கேள்வியை வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது. சில நேரம் பால், ஐஸ்கிரீம் மாதிரி குளிர்ச்சியானதைத் தனிப் பையில் போடுவார்கள், அது வண்டிப் பெட்டியிலேயே தங்கிவிடும், கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். பைக்குள் ஒரு பொருள் குறைந்தால் அதற்கு அந்தப் பையன் பொறுப்பில்லை. கடையில் ஒட்டிக் கொடுப்பதை அப்படியே கொண்டுவருகிறவனிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆர்டர் என்றால் பையைப் பிரிப்பதை வீடியோ எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் பெண் போனைப் பிடித்துக்கொள்வாள், நான் பிரிப்பேன். எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் ஒட்டிய நிலையில் பையை ஒரு சுற்று காட்ட வேண்டும், ஆர்டர் எண் உள்ள ஸ்டிக்கர் படிக்கிற அளவுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் கேமராவை நிறுத்தாமல் ஸ்டிக்கரைக் கிழித்து, ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்துத் தரையில் பரப்பி, கடைசியில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் வெட்டு இருந்தாலும் அந்த நேரத்தில் நெய்யை எடுத்து ஒளித்துவிட்டாய் என்று சொல்ல இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாது. வராத பொருளுக்கு நம் கையில் இருக்கிற ஒரே சாட்சி, ஒட்டிய பையிலிருந்து காலிப் பை வரை விடாமல் ஓடுகிற அந்த வீடியோதான்.

நெய் இல்லை என்று தெரிந்ததும் நேரே புகாருக்குப் போகவில்லை, பில்லைத் திறந்து பார்த்தேன். ஆர்டர் பக்கத்தைச் சொல்லவில்லை, டெலிவரிக்குப் பிறகு வருகிற பில்லைச் சொல்கிறேன். சரக்கு இல்லையென்றால் கடையிலேயே அந்தப் பொருளை நீக்கிவிட்டுப் பணத்தைத் தானாகத் திருப்புவதும் உண்டு, அப்படியிருந்தால் பில்லில் அந்த வரி இருக்காது. வேறு விற்பனையாளர் பெயரில் இரண்டாவது பில்லாகப் பிரிந்து தனியாக வருவதும் உண்டு. என் பில்லில் நெய் இருந்தது, 350 ரூபாய் போட்டிருந்தது, பில்லும் ஒன்றே ஒன்றுதான். சரி, இது வராததுதான் என்று உறுதியான பிறகுதான் அடுத்த வேலை.

பனீர் கதை வேறு. காற்றெடுத்துச் சீல் செய்த பாக்கெட், பிளாஸ்டிக் பனீரோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இது குட்டித் தலையணை மாதிரி உப்பியிருந்தது, உள்ளே கலங்கலாகத் தண்ணீர். பெரும்பாலும் குளிர் விட்டுப்போய்க் கிருமி பெருகி வாயு உண்டானால் சீல் பிரிக்காத பாக்கெட் இப்படி வீங்கும். அதில் போட்டிருந்த தேதி முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. அதனால்தான் இதை நிரூபிப்பதில் கவனம் வேண்டும், மேலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் வீக்கமே தெரியாது. மேஜைமேல் வைத்து, கேமராவை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் ஒன்று எடுத்தேன். அடுத்தது லேபிள் பக்கம், தேதியும் பேட்ச் எண்ணும் தெரிகிற மாதிரி. மூன்றாவது, '4 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று பொடி எழுத்தில் இருக்கிற வரி. பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. பிரித்தால் வீக்கம் போய்விடும், நாற்றத்தைப் போட்டோவில் காட்டவும் முடியாது, நீங்கள் பிரித்து வெளியே வைத்ததால் கெட்டது என்று திருப்பிச் சொல்லவும் வசதியாகிவிடும்.

புகார் போடும்போது இரண்டையும் ஒரே புகாராகச் சேர்க்கவில்லை. உதவிப் பக்கத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்தால் காரணம் கேட்கும். பனீருக்குத் தரம் சரியில்லை என்றும், நெய்க்குப் பொருள் வரவில்லை என்றும் தனித்தனியாகப் போட்டேன். வராத பொருளுக்குத் தரம் என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் பொருளின் போட்டோ கேட்டு அதற்குமேல் நகரவிடாது. இன்னொன்று, சில ஆப் கேலரியிலிருந்து படத்தை எடுத்துக்கொள்ளாது, அங்கேயே கேமரா திறக்கும். அதனால் புகார் எண் கைக்கு வரும்வரை தரையில் பரப்பியதை அப்படியே விட்டுவைப்பது நல்லது. நேரமும் முக்கியம். பால், பனீர், காய்கறி மாதிரி பொருளுக்குப் புகார் சொல்லும் கெடு ரொம்பக் குறைவு, அந்தப் பொருளின் பக்கத்திலேயே ரிட்டர்ன் விதி என்று போட்டிருக்கும். கெடு முடிந்தால் உதவிப் பக்கத்தில் அந்தப் பொத்தானே காணாமல் போய்விடும். ஆர்டர் வந்த கால் மணி நேரத்துக்குள் என் இரண்டு புகாரும் போய்விட்டன.

பனீருக்குச் சாட்டில் வந்தவர் முதலில், "மேம், எக்ஸ்பைரி தேதி இன்னும் முடியவில்லையே" என்றார். நான் எழுதியது இவ்வளவுதான்: "அந்தத் தேதி 4 டிகிரிக்குக் கீழ் வைத்தால்தான் செல்லும் என்று லேபிளிலேயே இருக்கிறது, மூன்றாவது படம் பாருங்கள். பிரிக்காத பாக்கெட் வீங்கியிருப்பது முதல் படத்தில் தெரிகிறது. டெலிவரி நேரத்தையும் புகார் நேரத்தையும் பாருங்கள், நடுவில் கால் மணி நேரம்கூட இல்லை." பணம் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார். வாலட்டிலா வங்கிக்கா என்று கேட்டார், வங்கிக்கே என்றேன். வாலட்டில் உடனே வரும், ஆனால் அந்தப் பணத்தை அந்த ஆப்பில்தான் செலவழிக்க முடியும், சில வாலட் பணத்துக்குக் காலாவதித் தேதியும் உண்டு. வங்கிக்கு வர சில வேலை நாள் ஆகும், பரவாயில்லை.

நெய்க்குத்தான் இழுத்தார்கள். "எங்கள் பதிவுப்படி பொருள் பேக் செய்யப்பட்டுள்ளது" என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். பேக் செய்ததாகப் பதிவு என்றால் என்ன? பெரும்பாலும் கடையில் பொருளை ஸ்கேன் செய்ததாக அர்த்தம். ஸ்கேன் செய்துவிட்டுப் பக்கத்துப் பையில் போட்டிருக்கலாம், மேஜையிலேயே வைத்திருக்கலாம். அதனால் கோபமாக எழுதாமல், அவர்களால் சரிபார்க்க முடிந்த கேள்வியாகக் கேட்பதுதான் பலன் தரும் என்று பட்டது. மூடிய சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, ஆப்பின் சட்ட விவரப் பக்கத்தில் கீழே இருக்கிற க்ரீவன்ஸ் ஆபீசர், அதாவது குறைதீர்ப்பு அலுவலரின் மெயிலுக்கு எழுதினேன். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி அந்த அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் அவர்கள் வெளியிட்டே ஆக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது நிறையப் பேருக்குத் தெரியாமல் சாட்டோடு விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மெயிலில் எழுதியது இது:

"ஆர்டர் எண் இது, பில் எண் இது. பில்லில் 350 ரூபாய்க்கு உள்ள அரை லிட்டர் நெய் வரவில்லை. வந்தது ஒரே பை. சீல் பிரிப்பதிலிருந்து பை காலியாவது வரை வெட்டில்லாத வீடியோ இணைத்திருக்கிறேன். அன்றிரவு அந்தக் கடையில் இந்த நெய்யின் இருப்புக் கணக்கில் ஒரு பாட்டில் கூடுதலாக இருந்ததா, பேக்கிங் மேஜைக் கேமராவில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லவும். என் புகாரை எந்த ஆதாரத்தில் மூடினீர்கள் என்பதையும் எழுத்தில் தரவும். தீர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன்."

கடைசி வரி மிரட்டல் இல்லை, நிஜமாகவே அடுத்த படி அதுதான். 1915 எண்ணில் கூப்பிடலாம், consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் கோர்ட் மாதிரி தீர்ப்பு சொல்கிறவர்கள் இல்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். என் விஷயம் அதுவரை போகவில்லை. மெயில் கிடைத்ததாக மறுநாள் பதில் வந்தது, அடுத்த வாரம் ஒருவர் போனில் கூப்பிட்டு, கடையில் விசாரித்ததாகவும் நெய்க்குப் பணம் அனுப்புவதாகவும் சொன்னார். இருப்பில் கூடுதல் பாட்டில் இருந்ததா என்ற கேள்விக்கு மட்டும் பதிலே சொல்லவில்லை.

வந்த தொகையைப் பார்த்ததும் மறுபடி குழப்பம். நெய்க்கு 350 வரும் என்று நினைத்தால் 322 வந்திருந்தது, பனீருக்கு 100-க்குப் பதில் 92. கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. 1,250 ரூபாய்க்கு 100 ரூபாய் கூப்பன் என்றால் எட்டு சதவீதம், அதை எல்லாப் பொருளின்மேலும் பிரித்துவிடுகிறார்கள், நெய்யில் 28 ரூபாயும் பனீரில் 8 ரூபாயும் ஏற்கெனவே நாம் கொடுக்காத பணம். டெலிவரி கட்டணமும் ஹேண்ட்லிங் கட்டணமும் இதில் சேராது. கூப்பன் போட்டிருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதைவிடவும் குறைந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள். பணம் அனுப்பியாச்சு என்று ஆப் காட்டியும் கணக்கில் வரவில்லையென்றால் சாட்டில் ஆர்.ஆர்.என். என்ற 12 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். யு.பி.ஐ.யில் கட்டிய பணம் எங்கே நிற்கிறது என்று அந்த எண்ணை வைத்து உங்கள் வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.