ஒரு கெண்டைக்கால் மட்டும் ஏன்?

கபடி ஆட்டங்களுக்கு பிசியோவாகப் போக ஆரம்பித்த புதிதில், யாருக்குக் கால் பிடித்துக்கொண்டாலும் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுப்பேன். உப்பு இறங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று நம்பினேன்.

ஒரு ராத்திரி, மூன்றாவது ஆட்டம். நடுக்கோட்டை நோக்கிப் பாய நுனிக்காலை ஊன்றிய ரெய்டர் அப்படியே சரிந்தான். கெண்டைக்காலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி, தொட்டால் கல். ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். அவர்களை விலக்கி, முழங்காலை நேராக நீட்டி, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து அவன் முகம் பக்கமாக மெதுவாகத் தள்ளினேன். அரை நிமிடத்தில் கட்டி கரைந்தது. முழங்கால் மடங்கியிருந்தால் அந்தத் தசை சரியாக நீளாது.

"உப்புத் தண்ணி இன்னும் குடிக்கவே இல்லையேண்ணே, எப்படி விட்டுச்சு?" என்றான்.

நியாயமான கேள்வி. ரத்தத்தில் உப்பு குறைந்தால் உடம்பு முழுக்கத்தானே குறையும்? ஒரு கெண்டைக்கால் மட்டும் ஏன்? தென்னாப்பிரிக்காவில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியாளர்களைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் ரத்த சோடியத்திலோ நீரிழப்பிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிடிப்பு வந்தவர்கள் வேகமாக ஓடியவர்கள், முன்பும் பிடிப்பு வந்தவர்கள்.

இன்று பலரும் ஏற்கும் விளக்கம் இது: களைத்த தசையில் 'சுருங்கு' என்னும் நரம்புச் சைகை ஓங்கிவிடுகிறது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணிலிருந்து 'போதும்' என்று போகும் சைகை மங்கிவிடுகிறது. ஏற்கெனவே சுருங்கியிருக்கும் தசையில் இது இன்னும் மோசம். நுனிக்கால் ஊன்றியபோது பிடித்தது அதனால்தான். இழுக்கும்போது தசைநாண் இறுகி, அந்த 'போதும்' மறுபடி கிளம்புகிறது.

2010இல் அமெரிக்காவில் ஒரு சோதனை. மின்தூண்டலால் பிடிப்பை வரவழைத்து, வினிகரில் ஊறிய வெள்ளரி ஊறுகாயின் சாற்றைக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்தார்கள். வெறும் தண்ணீர் குடித்தபோதைவிட ஏறத்தாழ 50 விநாடி முன்பே விட்டது. அதற்குள் ரத்தத்தில் உப்பு ஏறவில்லை. தொண்டையில் பட்ட புளிப்பே நரம்பு வழியாக வேலை செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். (நம் மாங்காய் ஊறுகாயை யாரும் சோதித்த மாதிரி தெரியவில்லை!)

உப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். பனியனில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும் அளவுக்கு வியர்த்து, கை, வயிறு, தொடை என்று பல இடத்தில் பிடித்தால் உப்புக் கரைசல் தேவைதான். கூடவே பேச்சு குழறினாலோ, அப்புறம் சிறுநீர் கறுத்துப் போனாலோ இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான். 'பட்'டென்று அறுந்தாற்போல வலித்து, இழுக்க இழுக்க வலி கூடினால் அது தசைக் கிழிசல். உடனே நிறுத்திவிடுவேன்.

அன்று நான் செய்த தப்பு வேறு. வலி போனதும் அவனை இறக்கிவிட்டேன். நாலாவது நிமிடம் அதே கால், அதே இடம். களைப்பு போகவில்லையே! இப்போதெல்லாம் பிடிப்பு விட்டவனை முதலில் பத்து முறை நுனிக்காலில் எழுந்து நிற்கச் சொல்கிறேன். அதற்குள் தசை துடித்தால் பெஞ்சுதான், கோச் எவ்வளவு முறைத்தாலும் சரி.