Tr 40 × 14 P7: ஒரு எழுத்தைக் கவனிக்காமல் தோற்ற கதை

முடிவு வந்துவிட்டது. மெஷின் டிசைன் தாளில் இந்த முறை தேறிவிட்டேன். போன முறை கோட்டை விட்டது ஒரே கேள்வியில், அதுவும் முதல் வரியிலேயே. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை, அதனால் இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான் அதிகம் பேசும். பவர் ஸ்க்ரூவின் டார்க், எஃபிஷியன்சி எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி இதுதான்: Tr 40 × 14 P7 லீட் ஸ்க்ரூ, 50 கிலோநியூட்டன் சுமை, உராய்வுக் கெழு 0.13. விட்டங்களைக் கண்டுபிடி, ஸ்க்ரூ செல்ஃப் லாக்கிங்கா என்று சொல், உள்விட்டத்தில் அமுக்கத் தகைவு என்ன?

நான் 14 என்பதைப் பிட்ச் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் இருந்த P7 ஏதோ தர எண் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். உண்மையில் 14 என்பது லீட், அதாவது ஒரு சுற்றுக்கு நட் நகரும் தூரம். P-க்குப் பின்னால் இருக்கும் 7தான் பிட்ச். பதினான்கை ஏழால் வகுத்தால் இரண்டு, ஆக இது டபுள் ஸ்டார்ட் மரை. ஒற்றை ஸ்டார்ட் என்றால் P என்ற எழுத்தே வராது, Tr 40 × 7 என்று முடிந்துவிடும். அங்கே லீடும் பிட்சும் ஒன்றே என்பதால் நாம் இரண்டையும் குழப்பிப் பழகிவிடுகிறோம்.

விட்டங்களை முடிவு செய்வது பிட்ச் மட்டும்தான். லீட் அந்தப் பக்கமே வராது. மரையின் பல் எவ்வளவு ஆழம் என்பது பக்கத்துப் பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, ஒரு சுற்றில் எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பொறுத்ததல்ல.

```
d  = 40
d2 = d - 0.5P       = 40 - 3.5   = 36.5
d3 = d - P - 2*ac   = 40 - 7 - 1 = 32
```

d மேஜர் விட்டம், d2 பிட்ச் விட்டம், d3 ஸ்க்ரூவின் மைனர் விட்டம். எல்லாம் மில்லிமீட்டரில். ac என்பது மரை உச்சிக்கும் எதிர்ப்பக்க அடிக்கும் நடுவே விடும் இடைவெளி. அதற்குச் சூத்திரம் கிடையாது, மனப்பாடம்தான்:

- பிட்ச் 1.5: 0.15
- பிட்ச் 2 முதல் 5 வரை: 0.25
- பிட்ச் 6 முதல் 12 வரை: 0.5
- பிட்ச் 14 முதல் 44 வரை: 1

நான் எழுதிய விடையில் d2 = 33, d3 = 24. இருபத்து நான்கு! நாற்பது மில்லிமீட்டர் தண்டில் பக்கத்துக்கு எட்டு மில்லிமீட்டர் வெட்டினால் என்ன மிஞ்சும் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் பிடித்திருப்பேன். தகைவு 62 மெகாபாஸ்கல் வர வேண்டிய இடத்தில் 110 வந்தது.

அதைவிட மோசம் அடுத்த பகுதி. லீட் கோணத்துக்கு லீடைத்தான் போட வேண்டும், அங்கே 14 சரி. ஆனால் கீழே வருவது d2. சரியான கணக்கு 14 / (π × 36.5) = 0.122. சரிவகப் பல்லின் மொத்தக் கோணம் 30 பாகை, அதில் பாதி 15. எனவே ஒப்பிட வேண்டியது 0.13 / cos 15° = 0.1346. கோணத்தின் டேன்ஜென்ட் அதைவிடக் குறைவு, ஆகவே ஸ்க்ரூ செல்ஃப் லாக்கிங். என் கணக்கிலோ 14 / (π × 33) = 0.1350. மயிரிழையில் தாண்டிவிட்டது. 'செல்ஃப் லாக்கிங் இல்லை' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

இனி கேள்வியில் P என்று பார்த்தால் முதலில் அதை வட்டமிடுங்கள். நான் இப்போது விடைத்தாளின் மேல் 'பிட்ச் =', 'லீட் =', 'ஸ்டார்ட் =' என்று மூன்று வரி எழுதாமல் பேனாவை நகர்த்துவதில்லை. வேகமாக எழுதுபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். எனக்கு வேறு வழியில்லை.

அப்புறம் இன்னொரு குழப்பம், நிறைய பேர் செய்வது. பிட்ச் விட்டம் என்றால் மேஜருக்கும் மைனருக்கும் சராசரி என்று சொல்லித் தருகிறார்கள். (40 + 32) / 2 = 36 வருகிறது, ஆனால் விடை 36.5. ஏன்? பல்லின் அகலமும் பள்ளத்தின் அகலமும் சமமாக, அதாவது பாதிப் பிட்சாக இருக்கும் இடம்தான் பிட்ச் விட்டம். இடைவெளிக்காக அடியைக் கூடுதலாகத் தோண்டினாலும் அந்த இடம் நகராது. சராசரி எடுக்க வேண்டுமென்றால் 40-க்கும் 33-க்கும் எடுங்கள், சரியாக 36.5 வரும்.

அந்த 33 எங்கிருந்து வந்தது? d − P. இது நட்டின் மைனர் விட்டம், D1. பல பாடக்குறிப்புகளில் ஸ்க்ரூவின் உள்விட்டமே d − P என்று இருக்கும், அது இடைவெளியை விட்டுவிட்ட எளிமை. தகைவுக்கு 33 போட்டால் 58.5 மெகாபாஸ்கல், 32 போட்டால் 62. ஸ்க்ரூ இருப்பதைவிட வலுவானதாகத் தெரியும், அதுதான் ஆபத்து. கேள்வியே d − P எடுக்கச் சொன்னால் எடுங்கள். Tr என்று குறியீடு கொடுத்திருந்தால் ac-ஐக் கழித்து, எடுத்த மதிப்பை ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

ஆனால் நட்டில் தாங்கும் அழுத்தம் கேட்டால் நிலைமை தலைகீழ். ஸ்க்ரூவும் நட்டும் உண்மையில் தொடும் பகுதி 40-க்கும் 33-க்கும் நடுவே மட்டும்தான். ஒரு பல்லுக்கு சுமார் 401 சதுர மில்லிமீட்டர். அங்கே 32 போட்டால் 452 வரும், வெறும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்ட மாதிரி.

வாய்மொழித் தேர்வில் என்னைக் கேட்டது: "நட்டின் மேஜர் விட்டம் 40-தானே?" இல்லை. D4 = d + 2ac, அதாவது 41. வெர்னியரால் ஸ்க்ரூவை அளந்தால் 40-க்குச் சற்றுக் குறைவாகவே வரும், அது குறையல்ல, டாலரன்ஸ் அப்படித்தான் கீழ்நோக்கி இருக்கும். பிட்ச் விட்டத்தை மட்டும் வெர்னியரால் அளக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு மூன்று கம்பி முறை வேண்டும்.

இந்த முறை தேர்வில் வந்தது Tr 36 × 6. ஒற்றை ஸ்டார்ட், P-யே இல்லை. ஆறு மாதம் P-யைப் பார்த்துப் பயந்தது வீண். d2 = 33, d3 = 29 என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவர் வெளியே வந்ததும் 30 என்றார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.